"எது உண்மையல்ல?" என்று கேட்கும் பல்தேர்வு வினாக்கள்: எதிர்மறையைத் தவறவிடாமல் விடையளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தின் முதலாம் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள் வரும். நேரம் ஒரு மணித்தியாலம். பெரும்பாலானவை "எது சரியானது?" என்று கேட்கும். இடையிடையே சில "உண்மையல்லாதது எது?", "தவறான கூற்று எது?", "பொருந்தாதது எது?" என்று கேட்கும். இந்தச் சிலவற்றில்தான், பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட புள்ளியை விட்டுவிட்டு வருகிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்குப் பிறகும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த வினாக்களைத்தான். தெரியாமல் பிழைவிட்டவரும் தெரிந்திருந்தும் பிழைவிட்டவரும் அங்கேதான் பிரிந்து தெரிவார்கள்.

"கவனமாக வாசி" என்று சொல்வதால் இது தீராது. அந்த வினாவில் கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுத்தால்தான் தீரும். அதாவது, கூற்றுச் சரியா பிழையா என்று தீர்மானிப்பதையும், விடையைத் தெரிவுசெய்வதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்க வேண்டும். கீழே வருவது முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

பிழை எங்கே நடக்கிறது

இந்த வினாவைப் பாருங்கள்.

மனிதனின் குருதிச் சுற்றோட்டம் பற்றிய பின்வரும் கூற்றுக்களுள் உண்மையல்லாதது எது?

(1) இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரிலும் தடித்தது.
(2) எல்லா நாடிகளும் ஒட்சிசன் செறிந்த குருதியையே கொண்டுசெல்கின்றன.
(3) கால்களிலுள்ள நாளங்களில் வால்வுகள் காணப்படுகின்றன.
(4) குருதி மயிர்த்துளைக் குழாயின் சுவர் ஒற்றைக் கலப்படையால் ஆனது.

விடை (2). சுவாசப்பை நாடி ஒட்சிசன் குறைந்த குருதியையே சுவாசப்பைக்குக் கொண்டுபோகிறது. இது பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத விடயம் அல்ல. ஆனாலும் (1) என்று போட்டுவிட்டு வந்த ஒரு மாணவியுடன் பேசியது இப்படி:

"முதலாவதை ஏன் பிள்ளை போட்டனீர்?"

"இடது பக்கச் சுவர்தானே சேர் தடிப்பு? உடம்பு முழுக்கத் தள்ள வேணுமே."

"ஓம், சரி. அப்ப இரண்டாவது?"

"அது பிழை சேர். சுவாசப்பை நாடியில அப்பிடியில்லை."

"மூன்றாவது, நாலாவது?"

"ரெண்டும் சரி."

"கேள்வியை ஒருக்கா வாசியும்."

வாசிக்கத் தொடங்கியவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. அந்தத் தாளில் வரி முடியும் இடத்தில் "உண்மை" என்று இருந்தது. "யல்லாதது எது?" என்பது அடுத்த வரியின் தொடக்கத்தில், விடைகளுக்கு மேலே தனியாகக் கிடந்தது. பிள்ளை நான்கு கூற்றுக்களையும் சரியாகவே அறிந்திருந்தார். ஆனால் முதலாவது கூற்று உண்மை என்று கண்டவுடனேயே கை விடைத்தாளுக்குப் போய்விட்டது.

இந்த வகைப் பிழையில் பெரும்பாலும் இரண்டு விடயங்கள் சேர்ந்தே நடக்கும். எதிர்மறைச் சொல் கண்ணில் படாமல் போவது ஒன்று. கண்ணில் பட்டும் வினாவின் நடுவில் மறந்துபோவது மற்றது. இரண்டாவது நிலை பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் எதிர்மறையை மனதில் வைத்துக்கொண்டே இன்னொரு கூற்றை எடைபோடுவது மூளைக்கு உண்மையிலேயே கூடுதல் வேலை. பீற்றர் வாசன் என்ற உளவியலாளர் 1961இல் வெளியிட்ட பரிசோதனையில், எதிர்மறை வாக்கியங்களைச் சரியா பிழையா என்று தீர்மானிக்க ஆட்களுக்கு உடன்பாட்டு வாக்கியங்களிலும் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. பரீட்சை மண்டபத்தில் நாம் இதற்கு மேலும் ஒரு சுமையை ஏற்றுகிறோம். "பிழையானதைத் தேடு" என்ற கட்டளையை நினைவில் வைத்தபடியே நான்கு கூற்றுக்களின் உண்மையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதலாம், இரண்டாம் கூற்றுக்களில் மனம் ஆழ்ந்துபோனால் கட்டளை நழுவிவிடும். பிறகு பழக்கப்படி "சரியானது எது?" என்றே கை தேடத் தொடங்கும்.

ஆகவே அந்தக் கட்டளையை மனதிலிருந்து இறக்கித் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

படி 1: வினாவின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள்

தமிழ் வினாவில் திசையைச் சொல்லும் சொல் அநேகமாகக் கடைசியில்தான் வரும். "மனிதனின் குருதிச் சுற்றோட்டம் பற்றிய பின்வரும் கூற்றுக்களுள்" என்பது வரை வாசித்தால் என்ன கேட்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. அதற்குள் பாதிப் பேர் விடைகளுக்கு இறங்கிவிடுகிறார்கள். இதை மாற்றிப் பழகுங்கள். வினா இலக்கத்தைப் பார்த்தவுடன் கண்ணை நேரே "எது?" என்ற சொல்லுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் உள்ள சொல்லை வாசியுங்கள். பிறகு தொடக்கத்திலிருந்து முழுதாக வாசியுங்கள்.

அந்தச் சொல் பல வடிவங்களில் வரும். "அல்லாதது", "அல்ல", "இல்லை" என்று வெளிப்படையாக வருவதைப் பிடிப்பது இலகு. "தவறானது", "பிழையானது", "தவிர" ஆகியவற்றில் இல்லை என்ற ஒலியே இருக்காது, ஆனால் வேலை அதுதான். மிகவும் ஆபத்தானவை, ஒரு சொல்லின் நடுவே மறைந்திருப்பவை. "பொருந்துவது, பொருந்தாதது", "அடங்குவது, அடங்காதது", "செல்வாக்குச் செலுத்தும் காரணி, செல்வாக்குச் செலுத்தாத காரணி" என்ற சோடிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஓர் அரவும் ஒரு தகரமும்தான். போட்டோப் பிரதி மங்கலாக இருந்தால் அதுவும் சரியாகத் தெரியாது.

கண்டவுடன் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். அடிக்கோடு போதாது, ஏனென்றால் முக்கிய சொற்களுக்கெல்லாம் அடிக்கோடிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வட்டம் எதிர்மறைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தாளைப் புரட்டிப் பார்க்கும்போது இந்த வட்டங்கள் பெரிய உதவி செய்யும்.

எதிர்மறைபோலத் தோன்றினாலும் எதிர்மறையாகக் கேட்காத சொற்களும் உண்டு. "தாவர வளர்ச்சிக்கு இன்றியமையாத மூலகம் எது?" என்பது எது கட்டாயம் தேவை என்று நேராகக் கேட்கிறது. "புதுப்பிக்க முடியாத வளம் எது?" என்பதும் நேரான வினாவே. அங்கே "முடியாத" என்பது வளத்தின் வகைப் பெயரோடு சேர்ந்தது, நிலக்கரி போன்ற ஒன்றைத் தேடினால் போதும். "முள்ளந்தண்டற்ற விலங்கு எது?" என்பதும் அவ்வாறே. எதிர்மறை ஒரு பொருளின் பெயருக்குள் இருக்கிறதா, அல்லது கேள்வியின் திசையைத் திருப்புகிறதா என்று பாருங்கள். திசையைத் திருப்புவதற்கு மட்டுமே வட்டம்.

இரண்டும் ஒன்றாக வந்தால் நிதானமாகப் பிரிக்க வேண்டும். "பின்வருவனவற்றுள் புதுப்பிக்க முடியாத வளம் அல்லாதது எது?" என்ற வினாவில் முதல் எதிர்மறை வளத்தின் பெயர், இரண்டாவது திசை. மூன்று விடைகள் பெற்றோலியம், நிலக்கரி, இயற்கை வாயு என்று இருக்கும், நான்காவது காற்றுச் சக்தியாக இருக்கும். விடை அதுதான்.

படி 2: தேடும் பொருளை இலக்கத்தின் அருகில் எழுதுங்கள்

வட்டமிட்டவுடன் வினா இலக்கத்துக்கு இடது பக்கத்தில் "பி" என்று ஓர் எழுத்தை எழுதுங்கள். இந்த வினாவில் நான் தேடுவது பிழையான கூற்றை என்பதே அதன் பொருள். இனி அந்தக் கட்டளையை மனம் சுமக்க வேண்டியதில்லை, தாள் சுமக்கும்.

"பொருந்தாதது", "அடங்காதது" வகையில் விடைகள் முழு வாக்கியமாக இருக்காமல் வெறும் பெயர்களாக இருக்கும். "ஒளித்தொகுப்பு வீதத்தில் நேரடியாகச் செல்வாக்குச் செலுத்தாத காரணி எது?" என்று கேட்டு, ஒளிச்செறிவு, வெப்பநிலை, காபனீரொட்சைட்டுச் செறிவு, வளியிலுள்ள நைதரசன் வாயுவின் அளவு என்று தருவார்கள். அப்போது ஒவ்வொன்றையும் உடன்பாட்டு வாக்கியமாக்கி மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். "ஒளிச்செறிவு செல்வாக்குச் செலுத்தும்": சரி. "வெப்பநிலை செல்வாக்குச் செலுத்தும்": சரி. "காபனீரொட்சைட்டுச் செறிவு செல்வாக்குச் செலுத்தும்": சரி. "வளியின் நைதரசன் செல்வாக்குச் செலுத்தும்": பிழை. வாக்கியமாக்கும்போது "செலுத்தாத" என்ற சொல்லைக் கொண்டுவரக் கூடாது. "ஒளிச்செறிவு செல்வாக்குச் செலுத்தாது, இது பிழை, ஆகவே..." என்று யோசிக்கப் போனால் இரண்டாவது விடைக்குள்ளேயே குழம்பிவிடும்.

படி 3: ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே தீர்ப்பு எழுதுங்கள்

முழு முறையின் உயிரும் இந்தப் படிதான். வினாவை மறந்துவிட்டு, முதலாம் கூற்றை மட்டும் வாசியுங்கள். அது உலகத்தில் உண்மையா? உண்மை என்றால் அருகில் "ச", பிழை என்றால் "பி", தெரியாவிட்டால் "?" என்று எழுதுங்கள். இரண்டாவதுக்கும் அப்படியே. நான்கையும் முடிக்கும் வரை பேனை விடைத்தாளுக்குப் போகக் கூடாது.

இங்கே × குறியைப் பாவிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். நமது விடைத்தாளில் தெரிவுசெய்த விடையைப் புள்ளடி (×) இட்டே காட்ட வேண்டும். அங்கே × என்றால் "இதுதான் என் விடை". வினாத்தாளில் × என்றால் பல பிள்ளைகளுக்கு "இது பிழை, தள்ளிவிட்டேன்". ஒரே குறி இரண்டு எதிர்ப் பொருளில் இருந்தால், வினாத்தாளிலிருந்து விடைத்தாளுக்குக் கண்ணை மாற்றும் அந்த ஒரு கணத்தில் தடுமாற்றம் வருவது இயல்பு. எழுத்தாக எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

வன்னியின் குளங்களை வைத்து இதைச் செய்து பார்ப்போம்.

வன்னிப் பெருநிலப்பரப்பின் குளங்கள் பற்றிய பின்வரும் கூற்றுக்களுள் தவறானது எது?

(1) இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆற்றின் நீர் கிடைக்கிறது.
(2) கட்டுக்கரைக் குளம் மன்னார் மாவட்டத்தில் அமைந்துள்ளது.
(3) வவுனிக்குளம் வவுனியா மாவட்டத்தில் அமைந்துள்ளது.
(4) முத்தையன்கட்டுக் குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில் அமைந்துள்ளது.

"தவறானது" என்பதை வட்டமிட்டு, இலக்கத்தின் அருகே "பி" எழுதியாயிற்று. முதலாவது: கனகராயன் ஆறுதான் இரணைமடுவுக்கு நீர் கொண்டுவருகிறது, "ச". இரண்டாவது: மன்னார்தான், "ச". மூன்றாவதில் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வவுனிக்குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், பாலியாற்றோடு. "பி". விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தாலும் நான்காவதையும் பாருங்கள். முத்தையன்கட்டு முல்லைத்தீவில், "ச". இடது பக்கத்தில் "பி", மூன்றாம் கூற்றில் "பி". இரண்டும் பொருந்துகின்றன. விடை (3).

இதே வினாவை ஒரு பிள்ளை அவசரமாகச் செய்தால் என்ன நடக்கும்? இரணைமடு நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த குளம். முதலாம் கூற்றை வாசித்தவுடன் "ஓம், இது தெரியும்" என்று மனம் திருப்திப்பட்டுவிடும், (1)க்குப் புள்ளடி விழுந்துவிடும். எதிர்மறை வினாவில் மிகவும் பழக்கமான உண்மையை முதலாம் அல்லது இரண்டாம் இடத்தில் வைத்தால் அது தானாகவே பொறியாகிவிடும். வினா எழுதியவர் அப்படி நினைத்து வைக்காவிட்டாலும் பொறிதான்.

படி 4: எண்ணிப் பாருங்கள்

நான்கு விடைகள் உள்ள எதிர்மறை வினாவில் மூன்று "ச", ஒரு "பி" வரவேண்டும். நேரான வினாவில் ஒரு "ச", மூன்று "பி" வரவேண்டும். இந்த எண்ணிக்கை, வினாவைத் தவறாக வாசித்திருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இலக்கத்தின் அருகே எதுவும் எழுதாமல், நேரான வினா என்று நினைத்துத் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்று "ச", ஒரு "பி" வந்திருக்கிறது. அப்படியானால் ஏறத்தாழ நிச்சயமாக நீங்கள் ஓர் எதிர்மறைச் சொல்லைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள். மாறாக "பி" என்று எழுதிவிட்டு மூன்று பிழைகளைக் கண்டால், வினா நேரானது, "இன்றியமையாதது" போன்ற ஒன்றை எதிர்மறையாக எடுத்துவிட்டீர்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். முதல் விடையிலேயே நிறுத்திவிடுபவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. எல்லா விடைகளையும் வாசி என்று சொல்வதற்கு முதன்மைக் காரணமும் இதுதான்.

விடைக்குள்ளும் எதிர்மறை இருந்தால்

சில வினாக்களில் கேள்வியிலும் எதிர்மறை, விடையிலும் எதிர்மறை இருக்கும்.

டெங்கு நோய் பற்றிய பின்வரும் கூற்றுக்களுள் உண்மையல்லாதது எது?

(1) இது வைரசால் ஏற்படும் நோயாகும்.
(2) ஆண் நுளம்புகள் மனிதரின் குருதியை உறிஞ்சுவதில்லை.
(3) அன்டிபயோட்டிக் மருந்துகள் டெங்கு வைரசை அழிக்கும்.
(4) நீர் தேங்கி நிற்கும் கொள்கலன்கள் இந்நோய் பரவுவதற்கு உதவுகின்றன.

இங்கே (2)ஐத் தெரிவுசெய்பவர்கள் பலர். கேள்வியில் "அல்லாதது", விடையில் "இல்லை", இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல ஒரு மயக்கம். "இல்லை" என்று முடியும் கூற்றுப் பிழையாகத்தான் இருக்கும் என்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு ஒரு சுருக்கமான வழி உண்டு. கூற்றிலுள்ள எதிர்மறையை எடுத்துவிடுங்கள். "ஆண் நுளம்புகள் குருதியை உறிஞ்சும்." இது சரியா? பிழை, பெண் நுளம்புகள்தான் உறிஞ்சும். எதிர்மறையை எடுத்த வாக்கியம் பிழை என்றால், எதிர்மறையோடு உள்ள மூல வாக்கியம் சரி. "ச" எழுதுங்கள். இப்போதும் கேள்வியைத் தொடக் கூடாது. கூற்றின் எதிர்மறையைத் தீர்த்து, ஓர் எழுத்தாக எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்த கூற்றுக்குப் போக வேண்டும். நான்கு எழுத்துக்களும் ச, ச, பி, ச என்று வந்த பிறகு கேள்வியின் எதிர்மறையைத் தொடுங்கள். விடை (3). அன்டிபயோட்டிக் பற்றீரியாவுக்கு எதிரானது, வைரசை அது அழிக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு எதிர்மறைகளைக் கையில் வைத்திருக்காமல், ஒன்றைத் தீர்த்து எழுதிவிட்டு மற்றதை எடுப்பதால் இது வேலை செய்கிறது.

"?" மிஞ்சும்போது

எல்லாக் கூற்றும் சரிபோலத் தெரிந்தால், பிழையான கூற்று எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். வினா எழுதுபவர் வழக்கமாக ஓர் உண்மையான வாக்கியத்தை எடுத்து அதில் ஓரிடத்தை மட்டும் மாற்றுவார். மாற்ற வசதியான இடங்கள் சிலதான். "சில" என்பதை "எல்லா" ஆக்குவார், அல்லது "மட்டும்" சேர்ப்பார். குருதிச் சுற்றோட்ட வினாவில் நடந்தது அதுதான். "எல்லா நாடிகளும்" என்பதை எடுத்துவிட்டு "பெருநாடி" என்று போட்டால் கூற்று உண்மையாகிவிடும். சில வேளை சோடிகளை இடம் மாற்றுவார்: நாடியும் நாளமும், காழும் உரியமும், அதிகரிப்பும் குறைவும். சில வேளை இரண்டு உண்மைகளை "ஆகவே" என்ற சொல்லால் பிழையாக இணைப்பார். கூற்றை வாசிக்கும்போது இந்த இடங்களில் நின்று, மாற்றிப் போட்டால் என்னவாகும் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு கூற்றுக்கள் பிழைபோலத் தோன்றினால், "பொதுவாக", "பெரும்பாலும்" என்று இடம்விட்டுப் பேசும் கூற்றைவிட, "எப்போதும்", "எல்லா" என்று இறுக்கிப் பேசும் கூற்றையே முதலில் சந்தேகியுங்கள். இது விதியல்ல. "எல்லா உயிரினங்களும் கலங்களால் ஆனவை" என்பதில் "எல்லா" இருந்தும் உண்மைதான். பாட அறிவு கைகொடுக்காத இடத்தில் மட்டும் இதைப் பாவியுங்கள்.

விடை தெரியாவிட்டாலும் வெறுமையாக விடாதீர்கள். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கும் முறை இங்கே இல்லை. இரண்டு "ச" நிச்சயமாகக் கண்டிருந்தால் மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தால் போதும்.

உயர்தர உயிரியல் எழுதுபவர்களுக்கு

உயர்தரத்தில் உயிரியல் முதலாம் பகுதியில் 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 விடைகள், நேரம் 2 மணித்தியாலம். ஆகவே எதிர்மறை வினாவில் நான்கு "ச", ஒரு "பி" என்று எண்ணிக்கை மாறும். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

41 தொடக்கம் 50 வரையான வினாக்கள் வேறு. அங்கே A, B, C, D, E என்று ஐந்து தந்து, A, B, D திருத்தமானவையெனின் 1, A, C, D எனின் 2, A, B எனின் 3, C, D எனின் 4, வேறு விடையோ சேர்மானமோ எனின் 5 என்று அறிவுறுத்தல் இருக்கும். எத்தனை கூற்றுக்கள் பொருந்தும் என்று முன்கூட்டியே தெரியாததால் எண்ணிக்கைச் சோதனை இங்கே உதவாது. அதோடு, அறிவுறுத்தலில் வரும் "திருத்தமானவை" என்ற சொல் பிள்ளைகளைக் குழப்பும். வினா "பிழையான கூற்று/கூற்றுக்கள் எது/எவை?" என்று கேட்டால், திருத்தமான விடை என்பது பிழையான கூற்றுத்தான். ஒரு வினாவில் A பி, B ச, C பி, D பி, E ச என்று தீர்ப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். தேடுவது "பி", ஆகவே A, C, D, விடை 2. அறிவுறுத்தலிலுள்ள "திருத்தமானவை"யைப் பார்த்து உண்மையான கூற்றுக்களை எடுத்தவர் B, E என்று எடுத்து 5 போடுவார். பாடம் முழுவதும் தெரிந்திருந்தும் புள்ளி இல்லை. இந்தப் பத்து வினாக்களிலும் இலக்கத்தின் அருகே "ச" அல்லது "பி" என்று ஏதாவது ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

நேரமும் மீள்பார்வையும்

40 வினாக்களுக்கு 60 நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். எதிர்மறை வினாவில் நான்கையும் வாசித்து எழுத வேண்டியிருப்பதால் சற்றுக் கூடுதலாகப் போகும். அதற்காகப் படிகளைச் சுருக்காதீர்கள். வரைவிலக்கணம், அலகு போன்ற நேரான வினாக்களில் மிஞ்சும் நேரம் இதற்குப் போதும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் வினாத்தாளைப் புரட்டி வட்டமிட்ட வினாக்களை மட்டும் பாருங்கள். பாடத்தைத் திரும்ப யோசிக்க வேண்டாம். இலக்கத்தின் அருகே உள்ள எழுத்தும், விடைத்தாளில் புள்ளடியிட்ட கூற்றின் அருகே உள்ள எழுத்தும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். ஒன்றென்றால் அடுத்த வட்டத்துக்குப் போங்கள். வேறென்றால் விடையை மாற்றுங்கள்.

வீட்டில் பழகும் விதம்

கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, விடை எழுதாமல், எதிர்மறை வினாக்களை மட்டும் தேடி வட்டமிடுங்கள். பிறகு அக்காவிடமோ நண்பரிடமோ கொடுத்து, விடுபட்டது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாமே சரிபார்த்தால் முதலில் தவறவிட்டதையே மீண்டும் தவறவிடுவோம். பத்து நிமிட வேலைதான், ஆனால் கண் கடைசிச் சொல்லுக்குப் போகப் பழகும்.

அடுத்தது, பிழைவிட்ட எதிர்மறை வினாவைத் திருத்தும் விதம். சரியான விடை இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. வினாவை மூடிவைத்துவிட்டு நான்கு கூற்றுக்களுக்கும் ச, பி சொல்லுங்கள். நான்கும் சரியாக வந்தால் அந்தப் பிழை திசையில் நடந்தது. கொப்பியில் "திசை" என்று குறியுங்கள். ஏதாவது ஒரு கூற்றில் தடுமாறினால் அது பாடத்தில் உள்ள ஓட்டை. அந்த அலகைத் திரும்பப் படிக்க வேண்டும். இரண்டையும் கலந்து "கவனயீனம்" என்று எழுதிவிட்டால், படிக்க வேண்டியதைப் படிக்காமலும் பழக வேண்டியதைப் பழகாமலும் போய்விடும்.

மூன்றாவது, எதிர்மறை வினாவை நேரான வினாவாக மாற்றி எழுதுவது. டெங்கு வினாவை "உண்மையானது எது?" என்று மாற்றினால், மூன்று கூற்றுக்கள் பிழையாக இருக்க வேண்டும். (1)இல் வைரசைப் பற்றீரியா ஆக்கலாம். (2)இல் "உறிஞ்சுவதில்லை" என்பதை "உறிஞ்சுகின்றன" ஆக்கலாம். (3)ஐ அப்படியே விடலாம். (4) உண்மையாக இருக்கட்டும். இப்படி நாலைந்து வினாக்களை மாற்றி எழுதிய பிள்ளைக்கு, பிழையான கூற்று எந்த இடத்தில் செய்யப்படுகிறது என்பது கையாலேயே தெரியவரும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு

பல்தேர்வு வினா எழுதுவது பற்றிய கைநூல்கள் எதிர்மறை வினாவை இயன்றவரை தவிர்க்கச் சொல்கின்றன. தவிர்க்க முடியாவிட்டால் எதிர்மறைச் சொல்லைத் தடித்த எழுத்திலோ அடிக்கோட்டிலோ தரச் சொல்கின்றன. தவணைப் பரீட்சைக்கும் மாதிரிப் பரீட்சைக்கும் நாமே தட்டச்சுச் செய்யும்போது இதைச் செய்ய ஒரு நிமிடமும் ஆகாது. "உண்மையல்லாதது" போன்ற சொல் இரண்டு வரிகளுக்கு உடைந்து போகிறதா என்று அச்செடுக்க முன் பாருங்கள், உடைந்தால் முழுச் சொல்லையும் அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். கேள்வியில் எதிர்மறை வைத்தால் விடைகளில் வைக்காதீர்கள். நாம் அளக்க வேண்டியது பிள்ளைக்குச் சுவாசப்பை நாடி பற்றித் தெரியுமா என்பதைத்தான்.